‘போன் வேலை செய்யல’ என்று அப்பா சொன்னால், அவர் திரையில் இருப்பதை எப்படிக் கேட்டு வாங்குவது?

“அப்பாவுக்கு 74 வயது. இத்தனை நாள் பட்டன் போன்தான், இப்போதுதான் முதன்முதலாக ஸ்மார்ட்போன். நான் வேறு ஊரில் இருக்கிறேன். அடிக்கடி ‘போன் வேலை செய்யலம்மா’ என்று கூப்பிடுகிறார். என்ன தெரிகிறது என்று கேட்டால் ‘ஒண்ணுமே தெரியல, என்னமோ ஆயிடுச்சு’ என்கிறார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை. அவர் திரையில் என்ன இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?”

முதலில் அவர் எந்தப் போனிலிருந்து உங்களைக் கூப்பிடுகிறார் என்று பாருங்கள். பல பேர் இதைக் கவனிப்பதே இல்லை. அந்த ஸ்மார்ட்போனிலிருந்தே கூப்பிட்டுக்கொண்டு அது வேலை செய்யவில்லை என்றால், பேட்டரி இருக்கிறது, சிம் இருக்கிறது, சிக்னல் இருக்கிறது, திரையைத் தொட்டால் கேட்கிறது என்று அர்த்தம். போன் நன்றாகத்தான் இருக்கிறது, அவர் செய்ய நினைத்த ஒரு காரியம் மட்டும் நடக்கவில்லை. அது எந்தக் காரியம் என்பதுதான் உங்களுக்கு வேண்டிய தகவல்.

அதே போனில் பேசும்போது “இப்ப என்னப்பா தெரியுது?” என்று கேட்பதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. போனைக் காதில் வைத்ததும் திரை தானாக அணைந்துவிடும். கன்னம் பட்டு எதுவும் அழுந்திவிடக் கூடாது என்பதற்காக, முகம் அருகில் இருப்பதை உணர்ந்து திரையை அணைக்கும் சென்சார் ஒன்று காதுப் பக்க ஸ்பீக்கருக்கு அருகே இருக்கிறது. நீங்கள் கேட்டதும் அப்பா போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்க்கிறார். ஒரு நொடி கருப்பாக இருக்கிறது, பிறகு உங்கள் பெயரும் சிவப்புப் பொத்தானும் வருகின்றன. அவரைத் தொந்தரவு செய்த திரை அங்கே இல்லவே இல்லை. அவர் “ஒண்ணுமே தெரியல” என்று சொல்வது முழு உண்மை. கண்ணாடிமேல் ஒட்டிய பாதுகாப்புத் தாளோ, கவரின் விளிம்போ, எண்ணெய்ப் பிசுக்கோ அந்தச் சென்சாரை மறைத்துவிட்டால், காதிலிருந்து எடுத்த பிறகும் திரை கருப்பாகவே நிற்கும். பேச ஆரம்பித்தாலே போன் செத்துப்போகிறது என்று சொல்பவர்களிடம் முதலில் அந்த இடத்தைத் துடைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

ஆகவே, பேசுவதற்கு ஒரு போன், பார்ப்பதற்கு ஒரு போன் என்று பிரித்துவிடுங்கள். பழைய பட்டன் போனைத் தூக்கிப் போடாமல் சார்ஜ் போட்டு வைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அம்மாவின் போன், வீட்டு லேண்ட்லைன், எதுவாக இருந்தாலும் சரி. அந்தப் போனைக் காதில் வைத்துக்கொண்டு, ஸ்மார்ட்போனை மேசைமேல் படுக்க வைத்துவிட்டு அவர் பேச வேண்டும். வேறு போனே இல்லை என்றால் ஸ்பீக்கரில் போடப் பழக்குங்கள். நீங்கள் நேரில் இருக்கும் ஒரு நாளில் நாலைந்து முறை அதைச் செய்து காட்டிப் பழக்கியிருந்தால்தான் அவசரத்தில் கை போகும். போனிலேயே அதைச் சொல்லிக்கொடுப்பது மிகவும் கஷ்டம்.

அடுத்து, அவரிடம் எதையும் கேட்பதற்கு முன்னால் உங்கள் பக்கத்திலிருந்தே தெரிந்துகொள்ளக்கூடியவை சில இருக்கின்றன. அவர் ஸ்மார்ட்போன் எண்ணுக்கு ஒரு முறை ரிங் கொடுங்கள். ‘சுவிட்ச் ஆஃப்’, ‘தொடர்பு எல்லைக்கு வெளியே’ என்று வந்தால் பேட்டரி, சிக்னல், விமானப் பயன்முறை இந்த மூன்றில் ஒன்று. ரிங் போகிறது, ஆனால் பக்கத்தில் இருக்கும் அவருக்குச் சத்தம் கேட்கவில்லை என்றால் ஒலி குறைந்திருக்கிறது அல்லது சைலன்டில் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் ‘அப்பா’ என்று ஒரு வார்த்தை அனுப்பிப் பாருங்கள். இரண்டு டிக் விழுந்தால் செய்தி அவர் போனுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, இன்டர்நெட் இருக்கிறது. ஒரே டிக்கில் நின்று, ரிங் மட்டும் போனால், பெரும்பாலும் மொபைல் டேட்டா அணைந்திருக்கிறது அல்லது தீர்ந்திருக்கிறது. இரண்டு டிக் விழுகிறது, ஆனால் கூப்பிட்டால் போகவில்லை என்றால் வைஃபை ஓடிக்கொண்டிருக்க, விமானப் பயன்முறை மட்டும் தவறுதலாக அழுந்தியிருக்கலாம். மேலிருந்து இழுத்தால் இறங்கும் பட்டையில் இந்த இரண்டு பொத்தான்களும் அருகருகே இருப்பதால் இப்படி நடப்பது சகஜம். இதற்கெல்லாம் அப்பாவை ஒரு கேள்வி கூடக் கேட்க வேண்டியதில்லை.

இப்போது கேட்கும் முறைக்கு வருவோம். முதல் வாக்கியம் இதுவாக இருக்கட்டும்: “அப்பா, எதையும் தொடாதீங்க. கையை எடுத்து மடியில வெச்சுக்கோங்க.” பதற்றத்தில் இருப்பவர் பேசிக்கொண்டே திரையைத் தொட்டுக்கொண்டிருப்பார். ஒவ்வொரு தொடலுக்கும் திரை மாறும். அவர் சொல்லி முடிப்பதற்குள் அவர் சொன்ன திரை போய்விட்டிருக்கும். நீங்கள் பழைய திரைக்கு வழி சொல்வீர்கள், அவர் புதிய திரையில் அதைத் தேடுவார். பாதிச் சண்டை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

திரை பார்க்கும்போதே அணைந்துவிடுகிறது என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பல போன்களில் கை படாமல் 30 நொடி இருந்தால் திரை அணைந்துவிடும்படி வைத்திருப்பார்கள். எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கு அந்த நேரம் போதவே போதாது. “பாத்துட்டு இருக்கும்போதே செத்துடுது” என்று அவர் சொன்னால் போனுக்கு எந்த நோயும் இல்லை. ஓரத்தில் இருக்கும் பவர் பொத்தானை ஒரு முறை லேசாக அமுக்கச் சொல்லுங்கள். ‘லேசாக’ என்பதை அழுத்திச் சொல்லுங்கள். பிடித்து அமுக்கினால் அணைக்கும் மெனுவோ, குரல் உதவியாளரோ வந்து நிற்கும், புதுக் குழப்பம் தொடங்கிவிடும்.

இரண்டாவதாக, “என்ன பண்ணீங்க?” என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வி அவர் காதில் குற்றச்சாட்டாக விழும். “நான் ஒண்ணுமே பண்ணல” என்ற பதிலோடு கதவு சாத்திக்கொள்ளும். அதற்குப் பதிலாக, “என்ன செய்யலாம்னு போனை எடுத்தீங்க?” என்று கேளுங்கள். யாருக்கோ பேச வேண்டும், பேரன் படத்தைப் பார்க்க வேண்டும், அலாரம் நிறுத்த வேண்டும் என்று ஏதாவது ஒன்று வரும். அதோடு தேடும் பரப்பு பத்தில் ஒன்றாகச் சுருங்கிவிடும். பிறகு, “அதுக்காக எதைத் தொட்டீங்க, தொட்டதும் என்ன வந்துது?” என்று கேட்கலாம். முதலில் நோக்கத்தைச் சொன்னவர், அதன் தொடர்ச்சியாக நடந்ததையும் இயல்பாகச் சொல்லிவிடுவார்.

மூன்றாவதாகத்தான் திரையைப் பற்றிய கேள்விகள். இங்கே பெரிய தவறு, நமக்குப் பழகிய பெயர்களில் கேட்பது. ‘ஹோம் ஸ்கிரீன்ல இருக்கீங்களா’, ‘நோட்டிஃபிகேஷன் வந்திருக்கா’, ‘ஆப் திறந்திருக்கா’ என்றால் அவருக்கு அவை வெறும் சத்தங்கள். கண்ணுக்குத் தெரிவதை மட்டும் கேளுங்கள்: வெளிச்சம், நிறம், எண்ணிக்கை, இடம். எனக்குப் பழகிய வரிசை இது. முதலில் வெளிச்சம் இருக்கிறதா, இல்லை கருப்புக் கண்ணாடியில் உங்கள் முகம் தெரிகிறதா? வெளிச்சம் இருந்தால், மேல் ஓரத்தில் மணி எத்தனை காட்டுகிறது? அப்புறம் அடி ஓரத்துக்கு வந்து, அங்கே என்னென்ன இருக்கின்றன, இடமிருந்து வலமாகச் சொல்லச் சொல்லுங்கள். கடைசியாக நடுப்பகுதி: நிறைய சின்னச் சின்னப் படங்கள் வரிசையாக இருக்கின்றனவா, இல்லை ஒரு பெட்டியில் எழுத்தாக இருக்கிறதா?

மணியைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. சுவர்க் கடிகாரத்தில் எவ்வளவு, போனில் எவ்வளவு என்று இரண்டையும் சொல்லச் சொல்லுங்கள். போனில் நேரம் பின்தங்கி நின்றுபோயிருந்தால் போன் உண்மையாகவே உறைந்துவிட்டது, அணைத்துப் போடுவதைத் தவிர அவர் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. இரண்டும் ஒன்றாக இருந்தால் போன் உயிரோடு ஓடிக்கொண்டிருக்கிறது, எங்கோ மாட்டிக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான். தொழில்நுட்ப வார்த்தை எதுவும் இல்லாமல், ஒரு கேள்வியில் இவ்வளவு பெரிய பிரிவினை கிடைக்கிறது.

எழுத்து இருந்தால் பொருள் சொல்லச் சொல்லாதீர்கள், எழுத்தை எழுத்தாகவே வாசிக்கச் சொல்லுங்கள். “என்னமோ அப்டேட் பண்ணுன்னு கேக்குது” என்பது அவர் ஊகம். “முதல் எழுத்து என்னப்பா? அடுத்தது?” என்று கேட்டால் உண்மையான சொல் வெளியே வரும். பெட்டிக்குள் கீழே எத்தனை பொத்தான்கள், ஒவ்வொன்றும் என்ன எழுத்தில் தொடங்குகிறது என்பதும் போதும். ஆங்கிலம் படிக்கத் தெரியாவிட்டாலும் பலருக்கு எழுத்துகள் தெரியும். அதுவும் இல்லையென்றால் நிறத்தையும் வடிவத்தையும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் போனின் மொழியைத் தமிழுக்கு மாற்றிவைத்தால் இந்த வேலையே பாதி குறையும். உங்கள் போனையும் ஒரு முறை தமிழுக்கு மாற்றி, எங்கெங்கே என்னென்ன சொல் வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அவர் வாசிக்கும் சொல் உங்களுக்குப் புதிதாக இருந்தால் மறுபடி இருவரும் இருட்டில்தான்.

ஆமாம், இல்லை என்று பதில் வரும் கேள்விகளைக் கூடியவரை தவிருங்கள். “பச்சையா ஒரு படம் இருக்குல்ல?” என்று கேட்டால் அப்பா “ஆமா” என்பார். இருக்கிறது என்பதால் மட்டும் அல்ல. மகள் கேட்கிறாள், இருக்கத்தான் வேண்டும், தனக்குத்தான் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு சொல்வார். நீங்கள் அதை நம்பி மேலே போவீர்கள். “அடியில எத்தனை படம் இருக்கு, எண்ணிச் சொல்லுங்க” என்றால் அவர் பார்த்துத்தான் ஆக வேண்டும். எண்ணிக்கையும் நிறமும் கேட்டால் ஒப்புக்குப் பதில் சொல்ல முடியாது.

இந்த முறை எப்படி வேலை செய்கிறது என்பதற்கு, நான் கூடவே இருந்து பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். வயதானவர்களுக்குப் போன் பழக்கிவிடும் வேலை எனக்கு இருக்கிறது, இது அங்கே தெரிந்த ஒரு குடும்பம். 70ஐத் தாண்டிய பெரியவர், ஆண்ட்ராய்டு போன். மனைவியின் பட்டன் போனிலிருந்து மகளைக் கூப்பிட்டு, “போன் வேலை செய்யல, எதைத் தொட்டாலும் திறக்க மாட்டேங்குது” என்றார். மகள் அவருடைய ஸ்மார்ட்போனுக்கு ரிங் கொடுத்தார். அந்தப் பக்கம் மணி அடிப்பது பட்டன் போன் வழியாகவே கேட்டது, ஆனால் அவரால் எடுக்க முடியவில்லை. வாட்ஸ்அப்பில் இரண்டு டிக் விழுந்தது. ஆக சிக்னல், இன்டர்நெட், ஒலி எல்லாம் சரி.

“எடுத்து மேசை மேல வைங்கப்பா. தொடாதீங்க. மேல மணி என்ன காட்டுது?”

“பதினொண்ணு பத்து.”

“சுவத்துல?”

“அதேதான்.”

உறையவில்லை. நடுவில் படங்கள் வரிசையாக இருக்கின்றன, வழக்கமாக இருப்பது போலத்தான் என்றார். இந்த இடத்தில் என் மனதில் இரண்டு சந்தேகங்கள் இருந்தன. ஒன்று, காய்ந்த விரல். தொடுதிரை விரலின் மின்கடத்தும் தன்மையை வைத்துத்தான் தொடலை உணர்கிறது. வயதாக ஆகத் தோல் உலர்ந்துபோவதால் சில சமயம் திரைக்கு விரல் பட்டதே தெரியாது. இன்னொன்று, தொடல் போய்ச் சேர்கிறது, ஆனால் போன் அதை வேறு விதமாக எடுத்துக்கொள்கிறது. இரண்டையும் பிரிப்பதற்கு ஒரே ஒரு முறை தொட்டுப் பார்க்கச் சொன்னால் போதும்.

“வாட்ஸ்அப் படம் தெரியுதில்லப்பா, அதை ஒரு தடவை மட்டும் தொட்டுட்டுக் கையை எடுங்க. என்ன மாறுச்சு?”

“ஒண்ணும் மாறல. சுத்தி ஒரு கட்டம் போட்டிருக்கு, அவ்வளவுதான்.”

“கட்டம் முன்னாடி இருந்துதா?”

“இல்ல, தொட்டதும் வந்துது. பச்சையா.”

“சத்தம் ஏதாவது வந்துதா?”

“அது ஒரு பொண்ணு பேசுது. காலையிலேருந்து என்னத்தத் தொட்டாலும் பேசிட்டே இருக்கு. விளம்பரம் போல.”

விடை அங்கேயே கிடைத்துவிட்டது. காலையிலிருந்து போன் பேசிக்கொண்டிருப்பதை அவர் ஒரு குறையாகவே நினைக்கவில்லை. போன் என்றால் பேசும், விளம்பரம் வரும். அவர் மனதில் குறை என்பது ‘திறக்கவில்லை’ என்பது மட்டும். அதனால் நாமாகக் கேட்காமல் அதை அவர் சொல்லியிருக்கவே மாட்டார். நம் கண்ணுக்கு முதலில் படும் அறிகுறி அவருக்கு ஒரு அறிகுறியாகவே படாது. திரையைப் பற்றி மட்டும் கேட்டு நிறுத்தாமல், சத்தம், அதிர்வு, சூடு இவற்றையும் கேட்க வேண்டும் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

நடந்தது இதுதான். பார்வையற்றவர்களுக்காக ஆண்ட்ராய்டில் TalkBack என்று ஒரு வசதி உண்டு. அது ஓடும்போது ஒரு முறை தொட்டால் போன் அந்தப் பொருளின் பெயரை வாசிக்கும், சுற்றிலும் கட்டம் போடும். கட்டத்தின் நிறம் போனுக்குப் போன் மாறலாம். திறக்க வேண்டுமானால் இரண்டு முறை தட்ட வேண்டும். பக்கத்தைத் தள்ளவும் இரண்டு விரல் வேண்டும். வந்த அழைப்பை அவர் ஏன் எடுக்க முடியவில்லை என்பதும் இப்போது புரிகிறது, ஒரு விரலால் இழுத்தது எடுபடவில்லை. பல போன்களில் ஒலியைக் கூட்டும் பொத்தானையும் குறைக்கும் பொத்தானையும் சேர்த்து 3 நொடி அமுக்கிப் பிடித்தால் இந்த வசதி ஓட ஆரம்பிக்கும் அல்லது நிற்கும். முதல் முறை அமுக்கும்போது, இதைப் பயன்படுத்தவா என்று போன் கேட்கும். வருவதையெல்லாம் ‘சரி’ என்று தொட்டுவிடும் பழக்கம் உள்ளவர் அதையும் தொட்டிருப்பார். போனை விழாமல் இறுக்கிப் பிடிக்கும் கைக்கு அந்த இரண்டு பொத்தான்களும் தானாகவே அகப்படும்.

சரி செய்யும்போதும் பெயர் சொல்லாமல் இடம் சொல்லித்தான் மகள் வழிகாட்டினார். “போனோட ஓரத்துல நீளமா ஒரு பொத்தான் இருக்கா, அதோட மேல் நுனியையும் கீழ் நுனியையும் ரெண்டு விரலால சேர்த்து அமுக்குங்க. நான் அஞ்சு எண்ற வரைக்கும் விடாதீங்க.” எண்ணி முடித்ததும், ஒரு முறை தொடச் சொன்னார். வாட்ஸ்அப் திறந்தது. அதோடு விடாமல், அவர் முதலில் செய்ய நினைத்த காரியத்தையே செய்யச் சொன்னார். பேரனுக்குப் படம் போனது. அந்தக் கடைசிப் படியைச் செய்யாமல் விட்டால், மறுபடி எங்காவது மாட்டிக்கொண்டு பத்து நிமிடத்தில் திரும்பக் கூப்பிடுவார்கள். குறுக்குவழி எடுபடாத போன்களில், குரல் உதவியாளரிடம் இதை அணைக்கச் சொல்லலாம் அல்லது அமைப்புகளுக்குள் போய் இரண்டு முறை தட்டித் தட்டி அணைக்க வேண்டும். ஐபோனில் இதற்கு VoiceOver என்று பெயர். குறுக்குவழி வைத்திருந்தால், பக்கவாட்டுப் பொத்தானை மூன்று முறை வேகமாக அமுக்கினால் அது ஓடும், மறுபடி அமுக்கினால் நிற்கும்.

கட்டம் வராமல், சத்தமும் இல்லாமல், தொட்டால் ஒன்றுமே நடக்கவில்லை என்று அவர் சொல்லியிருந்தால் விரலின் பக்கம் சந்தேகம் போயிருக்கும். விரலில் லேசாக ஈரம் தொட்டுக்கொண்டு மறுபடி தொடச் சொல்லலாம். உங்கள் அப்பா விஷயத்தில் இதைவிட அடிக்கடி வரப்போவது இன்னொன்று என்று நினைக்கிறேன். பட்டன் போனில் பழகிய கை அமுக்கும், தட்டாது. தொடுதிரையில் விரலை அமுக்கி வைத்தால் அது வேறு கட்டளை. முகப்பில் ஒரு படத்தை அமுக்கிப் பிடித்தால் திறப்பதற்குப் பதில் ஒரு குட்டி மெனு வரும், அல்லது படம் விரலோடு நகர ஆரம்பித்து வேறு இடத்துக்குப் போய்விடும். “வாட்ஸ்அப்பே காணாமப் போச்சு” என்ற புகாரில் பெரும்பாலும் இதுதான் கதை. ஐபோனில் படங்கள் எல்லாம் நடுங்க ஆரம்பித்துவிடும். “படம் நடுங்குதுப்பா” என்று ஒருவர் சொன்னால் அவர் கை நடுக்கத்தைப் பற்றிச் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளாமல் திரையைப் பற்றிக் கேளுங்கள்.

காணாமல்போன படங்களுக்கு இன்னும் ஒரு காரணம் உண்டு. இறக்கிய ஆப்கள் மொத்தமும் மங்கியோ மறைந்தோ போய், திரையின் கீழ் ஓரத்தில் Safe mode என்று எழுதியிருந்தால், போன் பாதுகாப்புப் பயன்முறையில் திறந்திருக்கிறது. பெரும்பாலும் ஒரு முறை அணைத்துப் போட்டாலே சரியாகிவிடும். கீழ் ஓரத்தில் இருப்பதை எழுத்து எழுத்தாக வாசிக்கச் சொல்வது இங்கே பலன் தருகிறது.

மணிச்சத்தம் கேட்கவில்லை என்ற புகாரில் எல்லோரும் தடுமாறும் இடம் ஒன்று. ஆண்ட்ராய்டு 9 முதல், ஓரப் பொத்தான் வழக்கமாகக் கூட்டிக் குறைப்பது பாட்டு, வீடியோவின் ஒலியை. மணிச்சத்தத்துக்குத் தனி அளவு. “பொத்தானை அமுக்கிட்டே இருக்கேன், மணி மட்டும் அடிக்க மாட்டேங்குது” என்று அப்பா சொன்னால் அவர் சொல்வது சரி. அமுக்கியதும் திரையில் எட்டிப்பார்க்கும் பட்டையிலிருந்து மணியின் அளவைத் தனியாக உயர்த்த வேண்டும்.

உண்மையாகவே கருப்பாக இருந்தால் சார்ஜரில் போட்டு அரை மணி நேரம் விடச் சொல்லுங்கள். முழுதாக இறங்கிய பேட்டரி உடனே எதையும் காட்டாமல் இருக்கலாம். அதற்குப் பிறகும் பேட்டரிப் படம் வரவில்லை என்றால் பவர் பொத்தானை 30 நொடி வரை பிடிக்கச் சொல்லலாம். சில போன்களில் அதோடு ஒலி குறைக்கும் பொத்தானையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். உங்கள் அப்பாவின் மாடலுக்கு எது என்று இப்போதே பார்த்து எழுதி வைத்துவிடுங்கள்.

எவ்வளவு கேட்டும் படம் உங்கள் மனதில் வரவில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் போனால் இருவருமே களைத்துவிடுவீர்கள், அதன் பிறகு சொல்லும் பதில்கள் நம்பும்படி இருக்காது. வீட்டில் இன்னொரு ஸ்மார்ட்போன் இருந்தால் அதால் இந்தத் திரையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதே போனில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பச் சொல்வதைவிட இது எளிது. வாட்ஸ்அப் வீடியோ அழைப்பில் 2023 முதல் திரையைப் பகிரும் வசதியும் இருக்கிறது. அப்பா தன் திரையைப் பகிர்ந்தால் நீங்கள் நேரடியாகவே பார்க்கலாம். ஆனால் அந்தப் பொத்தான் வரைக்கும் அவர் போய்ச் சேர வேண்டும். அதையும் நேரில் இருக்கும்போது பழக்கினால்தான் உண்டு.

இங்கே ஒரு கவலையைச் சொல்லியே ஆக வேண்டும். திரையில் இருப்பதையெல்லாம் போனில் ஒருவரிடம் வாசித்துக் காட்டும் பழக்கத்தை நாம் அவருக்கு ஏற்படுத்துகிறோம். மோசடிக்காரர்களுக்கும் வேண்டியது அதே பழக்கம்தான். அதனால் ஆரம்பத்திலேயே இரண்டு விதிகளைச் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள். அவரே எண்ணைப் போட்டு உங்களைக் கூப்பிட்டால்தான் திரையை வாசிக்க வேண்டும், யாரோ கூப்பிட்டுக் கேட்டால் கிடையாது. எண்கள் வந்த செய்தியை யாரிடமும் வாசிக்கக் கூடாது, உங்களிடம் கூட. நீங்களும் ஒருபோதும் ஓடிபியை அவரை வாசிக்கச் சொல்லாதீர்கள், விதிக்கு ஒரு விலக்கு வந்தால் அது விதியாக நிற்காது. திரையைப் பகிரும்போதும் பேங்க் ஆப் திறந்திருக்கக் கூடாது. சிவப்புத் திரை, வைரஸ் வந்துவிட்டது, இந்த எண்ணுக்குக் கூப்பிடு என்று அவர் வாசித்தால் அது வலைப்பக்கத்தில் வந்த பொய் எச்சரிக்கை. எண்ணுக்குக் கூப்பிடாமல் பிரௌசரை மூடினால் போதும். யாரோ சொல்லி, போனைத் தூரத்திலிருந்து இயக்கும் ஆப் ஒன்றை ஏற்கெனவே போட்டுவிட்டார் என்று தெரிந்தால் மற்றதெல்லாம் பிறகு. போனை உடனே அணைக்கச் சொல்லிவிட்டு, பேங்குக்கு வேறு போனிலிருந்து பேசுங்கள்.

அடுத்த முறை நேரில் போகும்போது ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். திரை அணையும் நேரத்தை 2 நிமிடத்துக்கோ அதற்கு மேலோ கூட்டுங்கள். அணுகல்தன்மை அமைப்பில் ‘தொட்டுப் பிடித்திருக்கும் நேரம்’ என்று ஒன்று இருக்கும். அதை நீளமாக வைத்தால் கொஞ்சம் அமுக்கித் தொட்டாலும் போன் அதைச் சாதாரணத் தட்டலாகவே எடுத்துக்கொள்ளும். ஒலிப் பொத்தான்களின் குறுக்குவழியை அணைத்துவிடுங்கள். அடி ஓரத்தில் விரலால் இழுக்கும் முறை இருந்தால் அதை மாற்றி மூன்று பொத்தான்கள் தெரியும்படி வையுங்கள். வீட்டுக்குப் போகும் பொத்தான் எப்போதும் கண்ணெதிரே இருந்தால், “அடியில நடுவுல இருக்கறதைத் தொடுங்க” என்ற ஒரே வாக்கியத்தில் அவரை எங்கிருந்தும் முகப்புக்குக் கொண்டுவந்துவிடலாம். எழுத்தைப் பெரிதாக்குங்கள், ஆனால் கடைசி அளவுக்குப் போகாதீர்கள். அங்கே போனால் சில பெட்டிகளில் ‘சரி’ பொத்தான் திரைக்குக் கீழே தள்ளப்பட்டு, கண்ணில் படாமலே போய்விடும்.

கிளம்புவதற்கு முன் அவருடைய போனை அவர் வழக்கமாகப் பார்க்கும் ஐந்தாறு நிலைகளில் உங்கள் போனால் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்: பூட்டிய திரை, முகப்பு, அழைப்பு வரும்போது, அழைப்பில் இருக்கும்போது, வாட்ஸ்அப் திறந்ததும் வரும் பக்கம். ஓரப் பொத்தான்கள் எந்தப் பக்கம், எந்த வரிசையில் இருக்கின்றன என்பதற்கும் ஒரு படம். அடுத்த முறை அவர் கூப்பிடும்போது அந்தப் படங்களைத் திறந்து வைத்துக்கொண்டு, அவர் சொல்வதோடு எது ஒத்துப்போகிறது, எது ஒத்துப்போகவில்லை என்று பார்த்துக்கொண்டே கேளுங்கள்.